தகரத்தின் மேல் புல்

வீட்டிலிருந்தே போனில் பேசும் வேலைக்காகக் கம்பெனி முசிம்பிக்கு அனுப்பிய பட்டியலில் பன்னிரண்டு விஷயங்கள் இருந்தன. லேப்டாப்பின் மெமரி எவ்வளவு, இன்டர்நெட் எவ்வளவு வேகம், ஹெட்செட் எந்த வகை என்பதில் தொடங்கி அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்பது வரை எல்லாம் கேட்டிருந்தார்கள். கூரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. பட்டியலை எழுதியவர்கள் நைரோபியில் கான்கிரீட்டுக்குக் கீழே உட்கார்ந்து எழுதியவர்கள். தகரத்தில் மழை விழுந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. மழைக்குப் பேர்போன ககமேகாவில் பிறந்து வளர்ந்த எங்களுக்கே தோன்றவில்லை என்பதுதான் வெட்கம். வீட்டைச் சோதித்தது ஜனவரியில். வானம் வெளுத்துக் கிடந்தது. நாய் குரைக்கிறதா, சர்ச் ஒலிபெருக்கி கேட்கிறதா என்று பத்து நிமிடம் மைக்கைத் திறந்து வைத்துக் கேட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. பாஸ் என்றார்கள்.

முசிம்பி என் பெரியம்மா மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் ஒற்றைப் பையோடு திரும்பி வந்தபோது, எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்காமல் முன்னறையில் மெத்தை போட்டுக் கொடுத்தவள் அவள்தான். ஷிடாகா பெரியவரின் மனையில் வரிசையாக நான்கு வீடுகள். அவளுடையது கடைசி. முன்னறை, பின்னறை, ஆறு வயது மகள் அயுமா. பின்னறைதான் ஆபீஸ்.

அந்த ஆபீசை அவள் சேர்த்த விதத்தை எழுதினாலே ஒரு கதை ஆகும். அவள் ஏழு வருடம் வேலை பார்த்த தனியார் பள்ளி மூடப்பட்டபோது, தலைமையாசிரியை அலுவலக லேப்டாப்பை அவளிடமே விட்டுப் போனார். அதன் மெமரி பட்டியல் கேட்டதில் பாதிதான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் பெண் அதைத் திறந்து, தூசி ஊதி, எட்டு ஜிபி ஆக்கிக் கொடுத்தாள். வைஃபை ஆகாது, கேபிள்தான் வேண்டும் என்று பட்டியல் சொன்னது. லைன் ஒரு நொடி விட்டாலும் நைரோபியில் தெரியுமாம். எனவே ரௌட்டரிலிருந்து மேசைக்குச் சுவரோரமாக ஒரு மஞ்சள் கேபிள் ஓடியது. அது அறுந்தால் செல்போனில் வேறு கம்பெனி இன்டர்நெட். கரண்ட் போனால் இரண்டு மணி நேரம் தாங்க ஒரு யூபிஎஸ். இரண்டு காதையும் மூடும், வாய்க்கு முன் மைக் நீட்டிக்கொண்டிருக்கும் ஹெட்செட்டை மட்டும் கம்பெனியே பஸ் பார்சலில் அனுப்பியது. மேசைமேல் பேனாவோ காகிதமோ இருக்கக்கூடாது. வாடிக்கையாளர்கள் கார்டு எண் சொல்லுவார்கள் அல்லவா. முதுகுக்குப் பின்னால் வெறும் சுவர். அறைக்குள் வேறு ஆள் நுழையவே கூடாது. பூனை நுழைந்தால்கூட அவளுக்கு வியர்த்துவிடும்.

மொழிப் பரீட்சை அதைவிடக் கடினம் என்று நான் நினைத்திருந்தேன். அவள் நினைக்கவில்லை. கம்ப்யூட்டர் ஒரு பத்தியைக் காட்டும், சத்தமாக வாசிக்க வேண்டும். ஒரு உரையாடலை ஒருமுறை ஒலிக்கவிடும், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு கோபக்கார வாடிக்கையாளர் ஒருவருக்குப் பதில் எழுத வேண்டும், நிமிடத்துக்கு நாற்பது சொல்லுக்குக் குறையாமல், பிழையில்லாமல். ஏழு வருடம் பெற்றோர்களுக்குக் கடிதம் அடித்த கை, ஐம்பத்தெட்டு காட்டியது. பிரிட்டிஷ்காரர்கள் எங்கள் உச்சரிப்பை மன்னிப்பார்கள், ஆனால் அவர்கள் சொன்னதை நாம் புரிந்துகொள்ளாவிட்டால் மன்னிக்க மாட்டார்கள் என்று அவள் சொல்லுவாள். எங்கள் பக்கத்து நாக்கு ஆங்கிலத்தின் மெல்லிய 'பி'யையும் அழுத்தமான 'பி'யையும் ஒன்றாக்கிவிடும். அதனால் அஞ்சல் குறியீட்டைத் திருப்பிச் சொல்லும்போது அவள் எழுத்தை மட்டும் சொல்ல மாட்டாள். பிராவோ, பாப்பா, டெல்டா, டாங்கோ என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்துச் சொல்லுவாள். அயுமாவுக்கு அது பாட்டாகிவிட்டது. அதைப் பாடிக்கொண்டுதான் கயிறு தாண்டுவாள்.

கம்பெனிக்கு வேலை கொடுப்பது இங்கிலாந்தில் தபாலில் வீட்டுச் சாமான் விற்கும் ஒரு கடை. கெட்டில், விளக்கு, சிறு கம்பளம். வந்து சேரவில்லை, உடைந்து வந்தது, நிறம் வேறு, திருப்பி அனுப்ப வேண்டும், இவைதான் முசிம்பி போனில் கேட்கும் புகார்கள். அங்கே காலை ஒன்பது இங்கே பதினொன்று. அங்கே மதிய உணவு நேரத்தில்தான் எல்லோரும் கடைக்கு போன் போடுவார்கள். அது இங்கே மூன்று மணி.

ககமேகாவில் மார்ச்சிலிருந்து மூன்று மணி என்றால் மழை என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

முதல் மழையில் ஒரு பாட்டியம்மா, "நீ தொழிற்சாலையிலா இருக்கிறாய், குழந்தை?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாராம். பேர் சொல்ல மாட்டாள். வாடிக்கையாளர் பேரை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. போன் கால்களில் சிலவற்றைப் பொறுக்கிக் கேட்டு மதிப்பெண் போடும் பிரிவு அதற்கு 'பின்னணிச் சத்தம்' என்று ஒரு கறுப்புப் புள்ளி வைத்தது. ஹெட்செட்டில் சத்தம் நீக்கும் வசதியைக் கூட்டினாள். இன்னொரு மழையில் அது மழையோடு சேர்த்து அவள் குரலையும் வெட்டி வெட்டி விழுங்கிவிட்டது. இரண்டாவது புள்ளி. முதல் தொண்ணூறு நாளில் மூன்று புள்ளி விழுந்தால் இடம் போகும். பெயர் காத்திருப்போர் பட்டியலுக்குத் திரும்பும். மீதி வழி ஒன்றுதான், நைரோபிக்குப் போய்க் கம்பெனியின் கூடத்தில் உட்கார்வது. அயுமாவை யாரிடம் விடுவது?

ஏப்ரல் இரண்டாம் வாரம் திங்கட்கிழமை மறுபடி மழை ஒரு போன் காலில் மாட்டியது. ஷிஃப்ட் முடிந்து கதவைத் திறந்து வந்தவள் நேராக ஸ்டூலில் உட்கார்ந்தாள். செல்போனை ஸ்பீக்கரில் போட்டாள். அவளுடைய டீம் லீடர் கியோகோ. நைரோபி ஆபீசில் இருப்பவர், நான் அவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. குரல் மட்டும் எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி.

"முசிம்பி, சொல்லு. அங்க என்னதான் நடக்குது? லாரியில ஜல்லி கொட்டுறாங்களா?"

"மழை, கியோகோ."

"மழையா? இப்படியா?"

"தகரம்."

"எனக்குத் தகரம் தெரியும். மச்சாக்கோஸ்ல எங்க வீடும் தகரந்தான். ஆனா எங்க ஊர்ல மழை கடன்காரன் மாதிரி, எப்பவாச்சும் தலைய காட்டும். நீங்க தினமும் வாங்குறீங்க."

"மூணாவது புள்ளி வெச்சாச்சா?"

"வெச்சிருக்காங்க. நான் மறுப்பு போட்டு நிறுத்தி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழம வரைக்கும் என் கையில இருக்கு. அதுக்குள்ள ஒரு காலாவது காட்டு. மழை பெய்யணும், எனக்கு உன் குரல் மட்டும் கேக்கணும். அப்பதான் நான் அவங்ககிட்ட 'ரூம் சரியாயிடுச்சு'ன்னு எழுத முடியும்."

"சாட்டுக்கு மாத்த முடியாதா? எழுத்துக்கு மழை கேக்காதே."

"சாட்ல சீட் காலி இல்லம்மா. இந்த வாரம் மழ வர்ற நேரத்துக்கு மட்டும் உன்ன அங்க தள்ளுறேன். ஒரே நேரத்துல மூணு பேரு, பாத்துக்க."

போனை வைத்ததும் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பன்னெண்டு சாமான் சேர்த்தேன். பதிமூணாவது வானத்துல இருக்கு."

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் இம்புக்வா வந்தாள். முதல் வீட்டுக்காரி. சந்தையில் வெளிநாட்டுப் பழைய துணி மூட்டை பிரித்து விற்பவள். வாய் பெரியது, மனசு அதைவிடப் பெரியது. திங்கட்கிழமை மாலையே என்னிடம் முழுக்கதையும் கறந்துவிட்டாள். தலையில் ஒரு மூட்டை, கையில் சுத்தியல்.

"அடியே முசிம்பி, எந்திரி. உன் வெள்ளக்காரங்க சட்டைய கொண்டாந்திருக்கேன்."

மூட்டையை அவிழ்த்தாள். குளிர்காலக் கோட்டுகள். முழங்கால் வரை தொங்கும் கம்பளிக் கோட்டுகள், கறுப்பு, சாம்பல், ஒன்று மட்டும் செங்கல் சிவப்பு. மூட்டைக்கு நாலைந்து என்று இவை வந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊரில் யார் வாங்குவார்கள்? இரண்டு வருடமாகக் கடையின் அடியில் கிடந்தவை.

"இத வெச்சு என்ன பண்றது?"

"கூரைக்கு உள்பக்கம் அடிக்கிறது. மெத்துனு இருந்தா சத்தம் உள்ள இறங்காது. சர்ச்சுல டிரம்முக்குள்ள போர்வை திணிக்கிறாங்கல்ல? அந்த மாதிரி."

"உனக்கு இது என்ன விலை..."

"வாய மூடு. எனக்கு இது விக்கிற சரக்கா? எலிக்குக் கட்டில். ஏணி எங்க?"

பதினொன்றுக்குள் பதினேழு கோட்டுகளை உத்தரத்தின் குறுக்குச் சட்டங்களில் அறைந்துவிட்டோம், பல்பைச் சுற்றி மட்டும் இடம் விட்டு. பைகளிலிருந்து ஒரு பஸ் டிக்கெட், மிட்டாய்க் காகிதம், இடது கைக்கு மட்டும் ஒரு கையுறை விழுந்தன. பள்ளி விட்டு வந்ததும் கையுறையை அயுமா எடுத்துக்கொண்டாள்.

அன்று மூன்று மணிக்கு மழை வந்தது. முசிம்பி சாட்டில் மூன்று ஜன்னலில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் பதில் அடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஹெட்செட்டின் மைக்கைத் தனியாகத் திறந்து, தன் குரலை ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்தாள். மாலையில் இம்புக்வாவோடு உட்கார்ந்து போட்டுக் கேட்டோம். முன்பு ஜல்லி கொட்டியது போல இருந்தது. இப்போது மணல் கொட்டியது போல இருந்தது. குரல் இன்னும் அடியில்தான் கிடந்தது.

"கொஞ்சம் கொறஞ்சிருக்கு" என்றேன்.

"கொறஞ்சிருக்கு. போதாது. அடி விழுறது வெளியில. வெளியிலதான் தடுக்கணும்." அவள் எழுந்து கூரையைப் பார்த்தாள். "தகரத்து மேல புல்லு போட்டா, துளி புல்லுல விழும். தகரத்துல விழாது."

இம்புக்வா கையைத் தட்டிச் சிரித்தாள். "நல்ல யோசன! ஷிடாகாகிட்ட யார் சொல்றது? நான் சொல்லமாட்டேன். என் தலைக்கு மேலயும் அவரு தகரந்தான்."

சொன்னது முசிம்பிதான். புதன்கிழமை காலை நானும் கூடப் போனேன். ஷிடாகா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் ரேடியோ. எழுபதைத் தாண்டியவர். அந்த ரேடியோ இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. பிற்பகலில் மரண அறிவிப்புகள் வாசிப்பார்கள், அதில் ஒன்று தவறினால் ஒரு சாவுக்குப் போகாமல் விட்ட பழி வரும் என்று அவருக்குப் பயம்.

முசிம்பி விஷயத்தைச் சொன்னாள். அவர் ரேடியோவை அணைத்தார்.

"புல்லா? என் தகரத்து மேலயா?"

"பின்னறைக்கு மேல மட்டும், ஐயா."

"எங்கப்பா கூரைப்புல்ல பிடுங்கித் தகரம் போட்டப்ப இந்தத் தெருவே வந்து பாத்துச்சு, தெரியுமா? பளபளன்னு. மூணு மைல்ல இருந்து தெரியும். இந்த மனையில மறுபடி புல்லு ஏறுறதப் பாத்தா ஜனங்க என்ன சொல்லும்? ஷிடாகா வீழ்ந்துட்டான்னு சொல்லும். பிள்ளைங்க கவனிக்கலன்னு சொல்லும். உன் போன் வேலைக்காக நான் ஏழையாகணுமா?"

அவர் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் தகரம் என்பது கூரை மட்டும் இல்லை. அதைப் போட்ட வருடத்தைக் கல்யாண வருடம் போல நினைவில் வைத்திருப்பார்கள்.

முசிம்பி வாதாடவில்லை. செல்போனை எடுத்து, "ஐயா, இத மட்டும் கேளுங்க" என்று நேற்றைய பதிவைப் போட்டாள். அது வாடிக்கையாளர் பேச்சு இல்லை, அவள் குரல் மட்டும்தான். பெரியவர் காதோடு வைத்துக்கொண்டார். முகம் சுருங்கியது. மறுபடி போடச் சொன்னார்.

"என்ன சொல்ற இதுல?"

"என் பேரு முசிம்பி, உங்களுக்கு நான் என்ன உதவி பண்ணட்டும்னு சொல்றேன்."

"ஒண்ணும் கேக்கல."

"அவங்களுக்கும் கேக்கல."

பெரியவர் மடியிலிருந்த ரேடியோவைப் பார்த்தார். "மழ நேரத்துல எனக்கும் பேரு கேக்காது" என்றார். "போன மாசம் என் கூட்டாளி லுசேனோ செத்தது எனக்கு அடக்கம் முடிஞ்சப்பறம்தான் தெரிஞ்சுது."

எழுந்து வீட்டுக்குப் பின்னால் நடந்தார். நாங்களும் நடந்தோம். பின்பக்கச் சரிவை அண்ணாந்து பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி சரிவைப் பார்த்தார்.

"பின்பக்கம் மட்டும். ரோட்டுல நிக்கிறவன் கண்ணுல ஒரு துரும்பு பட்டாலும் நானே ஏறிப் பிடுங்குவேன்."

"சரி, ஐயா."

"ஆணி அடிக்கக்கூடாது. தகரத்துல ஓட்ட விழும்."

"கயிறுதான், ஐயா."

அந்த மதியம் இன்னொரு வேடிக்கை. முசிம்பி வேலையில் இருந்தபோது, அறைகளைக் கேமராவில் திடீரென்று பார்க்கும் பிரிவிலிருந்து அவளுக்குச் செய்தி வந்தது. உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பவர் யார்? அவள் திரும்பிப் பார்த்தாள். சிவப்புக் கோட்டின் கை ஒன்று ஆணியிலிருந்து கழன்று அவள் தோளுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அறையில் வேறு ஆள் இருந்தால் அதுவே தனிப் புள்ளி. கியோகோ குறுக்கே வந்து காப்பாற்றினார். ஷிஃப்ட் முடிந்ததும் போன் போட்டார்.

"முசிம்பி, உன் விருந்தாளி கைய மடக்கிக்கச் சொல்லு."

சாயங்காலம் உட்கார்ந்து முப்பத்துநாலு கைகளையும் மடித்து ஊக்கு குத்தினோம்.

வியாழக்கிழமை விடிந்ததும் சந்தைக்குப் பின்னாலிருந்து கூரைப்புல் கட்டுகளைக் கைவண்டியில் தள்ளி வந்தோம், நானும் இம்புக்வாவும். கடலோரத்தில் தென்னோலை வேய்ந்த விடுதியில் நான் ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன், ஏணி எனக்குப் பழக்கம். கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகப் பரப்பி, கயிற்றை உத்தர முனைகளில் இழுத்துக் கட்டி, மேலே பழைய டயர் ஆறு வைத்தோம். பின்னறைக்கு மேலும் கொஞ்சம் வந்த முன்பக்கச் சரிவு வெறுமையாகவே இருந்தது. அதற்கு உள்ளே கோட்டுகளை இரண்டடுக்காக மாற்றி அடித்தோம், பின்பக்கத்துக் கோட்டுகளைக் கழற்றி எடுத்து. ஷிடாகா ரோட்டில் நின்று, நகர்ந்து நின்று, குனிந்து நின்று, ஒரு துரும்பும் தெரியவில்லை என்று திருப்திப்பட்டார்.

அன்று மழை வரவில்லை.

இரண்டு மணிக்கு மேகம் கூடியது. மூன்றுக்குக் கலைந்தது. நான்குக்கு வெயில். ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு வாரத்தில் இரண்டு நாளாவது கொட்டிய மழை, எங்களுக்குத் தேவைப்பட்டபோது எங்கோ வேறு வீட்டுக்குப் போய்விட்டது. இம்புக்வா வானத்தைப் பார்த்துத் திட்டினாள். ஏழு மணிக்கு முசிம்பி வெளியே வந்ததும் எங்களைக் கூப்பிட்டு மெதுவான குரலில் சொன்னாள்: "வாளி வாளியா நான் மேல ஊத்துறேன். அவருக்கென்ன தெரியும்?"

"கியோகோ மழைதான் கேட்டாரு" என்றாள் முசிம்பி.

"தண்ணிதானடி ரெண்டும்."

"நான் ஏமாத்தி இந்த வேலையில ஒட்டிக்கிட்டா, அடுத்த மழையில அது தானா கிழியும். வேணாம்கா."

சோதனைக்காக மட்டும் ஒரு வாளி ஊற்றிப் பார்த்தோம். மழை மாதிரி இல்லை, யாரோ குளிக்கிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை முசிம்பி உகாலிக் களியில் கை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எடுத்தாள். தொண்ணூறு நாளில் எண்பத்தெட்டாவது நாள். அன்று அவளுக்குச் சாட் கிடையாது, போன்தான். கியோகோ இரண்டு மணியிலிருந்து அவள் லைனில் இருப்பதாகச் சொல்லியிருந்தார். டீம் லீடர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் போன் பேச்சைக் கேட்க முடியும். மழை தொடங்கினதும் அவள் ஒரு செய்தி அடிக்க வேண்டும், அவர் கவனமாகக் கேட்பார், எழுதிவிடுவார். மழை வராவிட்டால்? அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

"உள்ள போறேன்" என்றாள். தாழ்ப்பாள் விழுந்தது.

இரண்டரைக்கு இம்புக்வா கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு வந்தாள். ஷிடாகா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் போட்டார். பள்ளி விட்டு வந்த அயுமா ஒற்றைக் கையுறையோடு படியில். யாரும் பேசவில்லை. பேசினால் உள்ளே கேட்கும் என்று பயம். பின்னறைச் சுவருக்கு அப்பால் அவள் குரல் மெல்லிய முணுமுணுப்பாகக் கேட்டது.

மூன்று பத்துக்குக் காற்று மாறியது. கிழக்கே காட்டுப் பக்கமிருந்து கறுத்து வந்தது. முதல் துளிகள் புழுதியில் காசளவு விழுந்தன. பிறகு ஒரேயடியாக. மற்ற மூன்று வீட்டுத் தகரமும் அலறின. நாங்கள் வாசலுக்குள் ஓடியிருக்கலாம். ஆனால் முன்னறைக்குள் நாலு பேர் புகுந்தால் ஸ்டூல் உரசும், யாராவது தும்முவார்கள். இம்புக்வா வாயில் விரல் வைத்து எங்களை வீட்டின் பின்பக்கம் கூட்டிப் போனாள். அங்கே மழையில் நின்று மேலே பார்த்தோம். புல் தண்ணீரைக் குடித்துக் கறுத்தது. துளி விழுந்தது, சத்தம் வரவில்லை. சரிவின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டும் சலசலவென்று இறங்கியது. ஷிடாகா சொட்டச் சொட்ட நின்று, தன் கூரையின் மேல் இருந்த புல்லை, பேரப்பிள்ளை நடப்பதைப் பார்ப்பவர் போலப் பார்த்தார். ரேடியோவைச் சட்டைக்குள் விட்டிருந்தார்.

அரைமணி நேரம் அப்படியே நின்றோம். நான்கு பேர், ஒரு வார்த்தை இல்லாமல். மழை தளர்ந்தபோதுதான் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அவளுக்குப் பத்து நிமிட இடைவேளை. முன்வாசலுக்கு ஓடினோம்.

முசிம்பி கதவில் நின்று முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றம் குளம் போல இருந்தது. எங்களைப் பார்த்தாள், தலை முதல் கால் வரை.

"எப்ப பெஞ்சுது?" என்றாள்.

இம்புக்வா தலையில் அடித்துக்கொண்டாள். "எப்ப பெஞ்சுதா! நோவா கப்பல் கட்டுற அளவுக்குப் பெஞ்சுது! நீ செய்தி அடிக்கலையா?"

"இல்லையே. ஒரு தாத்தாகூட லைன்ல இருந்தேன். விளக்கு உடஞ்சு போயி வந்திருக்கு, அது அவர் சம்சாரத்துக்கு வாங்குனது. ஆர்டர் நம்பர் தேட நேரமாச்சு. பொறுங்கன்னு சொல்லி வெச்சு, ரெண்டு நிமிஷத்துக்குள்ள திரும்பி வந்து, மறுபடி பொறுங்கன்னு சொல்லி... ஏதோ கரகரன்னு இருந்துச்சு. அவர் லைன்லதான்னு நெனச்சேன்."

அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. கியோகோ. ஸ்பீக்கரில் போட்டாள்.

"முசிம்பி, மழை வந்ததும் சொல்லுன்னு சொன்னேன். இன்னும் சொல்லல. மணி நாலாகப்போகுது. எனக்கு ஆறுக்குள்ள எழுதணும். அங்க நெலம என்ன?"

ஷிடாகாதான் போன் பக்கம் குனிந்தார். அவருக்கு ஸ்பீக்கர் மேல் நம்பிக்கை இல்லை, கத்தினார்:

"தம்பி! மூணு பத்துலேருந்து அரமணி நேரமா கொட்டித் தீத்துடுச்சு! நான் நனஞ்சு நிக்கிறேன்!"

கியோகோ சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். "மூணு பத்துலேருந்து மூணு நாப்பது வரைக்குமா? அந்த விளக்குத் தாத்தா காலா? முழுசும் கேட்டேனே. அவரு மூக்கு உறிஞ்சுனது கேட்டுச்சு. நீ கீபோர்ட் தட்டுனது கேட்டுச்சு. யாரும்மா அது பேசுனது?"

"வீட்டு ஓனர்" என்றாள் முசிம்பி. கண் நிறைந்துவிட்டது.

"அவருக்கு என் வணக்கம். மூணாவது புள்ளிய எடுத்துடுறேன். திங்கட்கிழம காலையில காயிதம் வரும். இப்போ இடைவேளை முடியுது, லைனுக்குப் போ."

போனை வைத்தாள். இம்புக்வாவின் ஈரக் கையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு ஷிடாகாவின் முன் முழங்காலை லேசாக மடித்தாள், பெரியவர்களுக்கு நாங்கள் செய்வது போல. "ஐயா" என்றாள். மூன்று நிமிடம்தான் மிச்சம். உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. பிராவோ, பாப்பா என்று குரல் தொடங்கியது.

மாலை ஏழுக்கு வேலை முடிந்து வந்தவள் அடுப்பு மூட்டி, வேர்க்கடலை அவித்து, பால் நிறைய ஊற்றித் தேநீர் போட்டு நாலு வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். அயுமா கொண்டு போனாள், கையுறை போட்ட கையில். எனக்குக் கொடுக்கும்போது சொன்னாள்: "அந்தப் பட்டியல மறுபடி அனுப்பச் சொல்லி கியோகோகிட்ட கேட்டேன்டீ. பதிமூணாவது ஒண்ணு எழுதி அனுப்பப் போறேன். எங்க பக்கத்துலேருந்து அடுத்து சேர்ற பொண்ணு ஜனவரியில ஏமாறக்கூடாது." எழுதி அனுப்பினாள். இப்போது அந்தப் பட்டியலில் இருக்கிறது: கூரை எதனால் ஆனது?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மழையில் ஷிடாகா ரேடியோவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று விடுமுறை, பின்னறை காலி. முசிம்பி தன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் கோட்டுகளை அண்ணாந்து பார்த்தார். ரேடியோவை மேசைமேல் வைத்துத் திருகினார். பெயர்கள் ஒவ்வொன்றாக, தெளிவாக வந்தன. எல்லாம் முடிந்ததும் அணைத்துவிட்டு எழுந்தார்.

"யாரும் தெரிஞ்சவங்க இல்ல" என்றார், மிகுந்த நிம்மதியோடு. வாசலில் நின்று திரும்பினார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ எப்ப கிளம்புற?"

"தெரியல, ஐயா."

"கிளம்புறதுக்கு முன்னாடி என் வீட்டுப் பின்சரிவுக்கும் புல்லு போட்டுட்டுப் போ. ரோட்டுக்குத் தெரியாம."